பேருந்து, பெருக்கல் குறி, 3, 5: பெற்றோர் குழுவில் ஒரு மழைநாள் அறிவிப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் சென்னை வீடுகளில் எல்லோருடைய கண்ணும் வாட்ஸ்அப் பெற்றோர் குழுவின் மீதே இருக்கும். மாவட்ட ஆட்சியர் முந்தைய இரவோ விடியற்காலையிலோ விடுமுறை அறிவித்துவிட்டால் சிக்கல் இல்லை. தொலைக்காட்சி சொல்லிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார், பிள்ளையே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் மழை வலுக்கும் நாட்கள்தான் கடினமானவை. அன்று முடிவெடுப்பது பள்ளி. அந்த முடிவு வேறெங்கும் வெளியாகாது; குழுவில் ஒரே ஒரு அறிவிப்பாக வரும். அலுவலகத்தில் இருக்கும் தகப்பனும், கடையில் நிற்கும் தாயும், வீட்டில் பேரனுக்காகக் காத்திருக்கும் பாட்டியும் அந்த ஒரு அறிவிப்பை வைத்துத்தான் அடுத்த இரண்டு மணி நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

நான் வேளச்சேரிப் பக்கம் இருப்பவள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பகுதி என்பதால், மழை என்றால் இங்கே பெற்றோரின் பதற்றம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; அதற்குக் காரணமும் இருக்கிறது. வகுப்பின் பெற்றோர் பிரதிநிதி என்ற முறையில் இத்தகைய அறிவிப்புகளைப் படிப்பதும், பிறருக்கு விளக்குவதும், சில வேளைகளில் எழுதித் தருவதும் என் வேலையாகிவிட்டது. அப்படி ஒரு மழைநாளில் ஒரு பள்ளியின் குழுவில் வந்த அறிவிப்பைக் கீழே தருகிறேன். எந்தப் பள்ளி என்று தெரியக்கூடிய விவரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

```
🚨🚨 முக்கிய அறிவிப்பு 🚨🚨
🙏🙏 அன்பான பெற்றோர்களுக்கு
🔴 ⛈️ காரணமாக இன்று 📅 பள்ளி 🕜 விடப்படும்
🔴 🚌❌ 3, 5
🔴 1 – 5 ✅ வகுப்பறையில்
🔴 👨‍👩‍👧 🪪 காட்டி அழைத்துச் செல்லவும்
🔴 🍱 ✅
🌈 பயப்பட வேண்டாம் 😊😊😊
```

இதை எழுதியவர் அக்கறையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் அலுவலக அறையில், அவசரமாக, ஆனாலும் பெற்றோர் பயந்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது இது. வானவில்லும் மூன்று புன்னகைகளும் அந்த எண்ணத்தால்தான் வந்திருக்கின்றன. அப்படியிருந்தும், இது வந்த சில நிமிடங்களில் குழுவில் கேள்விகள் குவிந்தன. கேள்விகளில் பெரும்பாலானவை அறிவிப்பில் ஏற்கனவே ‘சொல்லப்பட்ட’ விஷயங்களைப் பற்றியவை.

நான்காவது வரியை எடுத்துக்கொள்வோம். பேருந்துப் படம், அதன் அருகே சிவப்புப் பெருக்கல் குறி, பிறகு 3, 5. எழுதியவர் மனத்தில் இருந்தது, தடம் எண் 3, தடம் எண் 5 ஆகிய இரண்டு பள்ளிப் பேருந்துகளும் இன்று ஓடாது என்பதுதான். அந்த இரண்டும் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை வழியாகச் செல்பவை. ஆனால் பள்ளிக்கூடத்தில் 3, 5 என்ற எண்கள் வேறு எதையெதையெல்லாம் குறிக்கும் என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பேருந்து கிடையாது என்று ஒரு தகப்பன் புரிந்துகொண்டார். அடுத்த வரியிலேயே ‘1 – 5’ என்று வகுப்புகள் வருவதால் அவருடைய வாசிப்பு நியாயமானதே. மாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் கிளம்பும் வண்டிகள் ரத்து என்று இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் வண்டி உண்மையிலேயே இருந்தது. ‘தடம் எண்’ என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால் இந்த மூன்று வாசிப்புகளில் இரண்டு எழுந்தே இருக்காது. பேருந்துப் படத்தால் தீங்கு எதுவும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. பேருந்துப் பிள்ளைகளின் பெற்றோர் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்பதை ஒரு நொடியில் காட்டியது. அந்தப் படம் வந்துவிட்டதாலேயே வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் தேவையில்லை என்று எழுதியவருக்குத் தோன்றியதுதான் கோளாறு.

டிக் குறி இன்னும் வழுக்கலானது. ‘🍱 ✅’ என்றால் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களா, சாப்பாடு கொடுத்த பிறகுதான் அனுப்புவார்களா, இல்லை நாம் சாப்பாடு கொண்டுவர வேண்டுமா? இந்தக் குறியைத் தமிழ்க் குழுக்கள் குறைந்தது மூன்று வகையில் பயன்படுத்துகின்றன. வேலை முடிந்தது என்பதற்கு இட்டால் அது இறந்தகாலம்; சுற்றுலாவுக்கு எடுத்துவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் இட்டால் அது கட்டளை; எதுவும் சொல்லாமல் வரிக்கு முன்னால் அழகுக்கு இடப்படுவதும் உண்டு. பள்ளி அறிவிப்பில் இந்த மூன்றுக்கும் இடையிலான வேறுபாடுதான் செய்தியே. தமிழில் ‘கொடுத்துவிட்டோம்’, ‘கொடுப்போம்’, ‘கொடுத்தனுப்புங்கள்’ என்று வினையின் கடைசி அசைகள் காலத்தையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் ஒருசேரச் சொல்லிவிடுகின்றன. அந்த அசைகளை எடுத்துவிட்டு ஒரு பச்சைப் பெட்டியை வைத்தால், காலமும் ஆளும் சேர்ந்தே காணாமல் போகின்றன. ❌ குறிக்கும் இதே கதிதான். சீருடைப் படத்துக்கு அருகே அது வந்தால், சீருடை கட்டாயமில்லை என்றும் கொள்ளலாம், சீருடையில் வரக் கூடாது என்றும் கொள்ளலாம்.

ஆறாவது வரியைப் பற்றி எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுப் பாட்டி என்னிடம் வந்து கேட்டார். பேத்தியைத் தினமும் அழைத்து வருபவர் அவர். தொலைபேசியை என் முன்னால் நீட்டி, “ஏம்மா, அப்பா அம்மா ரெண்டு பேரும்தான் வரணும்னு போட்டிருக்காங்களா? என் மருமக ஆஸ்பத்திரி டியூட்டியில இல்ல இருக்கா?” என்றார். படத்தில் ஆண், பெண், ஒரு பெண் குழந்தை. ‘பெற்றோர் அல்லது வீட்டில் உள்ள பெரியவர் எவரேனும்’ என்பதற்கு அப்படி ஒரு படம் எமோஜிப் பலகையில் கிடையாது. பிறகு அவர் காட்டிய இன்னொன்றையும் பார்த்தேன். பூட்டிய திரையில் வந்திருந்த முன்னறிவிப்பில், அந்தக் குடும்பப் படத்துக்கு அடுத்து ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. என்னை என்ன காட்டச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு அந்தக் கட்டம்தான் காரணம்.

வெற்றுக் கட்டம் ஏன் வருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அறிவிப்பு எழுதுபவர்கள் தங்கள் கைப்பேசியில் எல்லாம் சரியாகத் தெரிவதால் இதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். எமோஜி என்பது படமாக அனுப்பப்படுவதில்லை. யூனிகோடு பட்டியலில் அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்தான் போகிறது, படத்தை வரைவது பெறுபவரின் கருவி. அடையாள அட்டையைக் குறிக்கும் 🪪 அந்தப் பட்டியலில் 2021ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. அதற்கு முன் வெளிவந்து, மென்பொருள் புதுப்பிக்கப்படாத கைப்பேசியின் எழுத்துருவில் அதற்குப் படம் இருக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வாட்ஸ்அப் தன்னுடைய சொந்தப் படங்களை வைத்திருப்பதால் செயலிக்குள் திறந்து பார்த்தால் படம் தெரியும். ஆனால் திரையின் மேலே வந்து விழும் முன்னறிவிப்பைக் காட்டுவது கைப்பேசியின் எழுத்துரு, ஆகவே அங்கே கட்டம்தான். பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் தாத்தா பாட்டிகள், மகன் பயன்படுத்திக் கழித்ததை வாங்கிக்கொண்ட தாய்மார்கள். பிள்ளையை நேரில் அழைத்துவரப் போகிறவர்களும் அவர்களே. ‘பள்ளி அடையாள அட்டை’ என்று எழுதியிருந்தால் பத்து ஆண்டுக் கைப்பேசியிலும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வரியில் நேரம் இருக்கிறது, அதாவது இருப்பதாக எழுதியவர் நினைத்தார். கடிகார முகங்கள் யூனிகோடில் இருபத்துநான்கு உண்டு, முழு மணிக்குப் பன்னிரண்டு, அரை மணிக்குப் பன்னிரண்டு. 🕐 என்பது ஒரு மணி, 🕜 என்பது ஒன்றரை. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எழுத்தளவில், பேருந்தில் நின்றுகொண்டு, மழைத்துளி விழுந்த கண்ணாடித் திரையில் பார்த்தால் இரண்டு சிறு கோடுகளில் எது மேலே, எது கீழே என்று யாருக்குத் தெரியப்போகிறது? மேலும், பலர் நேரத்தைக் குறிக்கும் வரி என்பதற்கு அடையாளமாக ஏதோ ஒரு கடிகாரத்தை இட்டுவிட்டு, சரியான மணியைப் பக்கத்தில் எண்ணில் எழுதுவார்கள். அந்தப் பழக்கம் உள்ள குழுவில் கடிகாரத்தின் முள்ளை யாரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. நாட்காட்டிப் படமும் இப்படித்தான். ஐபோனில் 📅 எப்போதும் ஜூலை 17 என்றே காட்டும். ஆப்பிள் தன் நாட்காட்டி மென்பொருளை 2002இல் அறிமுகம் செய்த நாள் அது. நவம்பர் மாத அறிவிப்பில் ‘இன்று’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஜூலை 17 நின்றால், பழகியவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். பழைய அறிவிப்பை யாரோ மறுபடி அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. மழைக்காலத்தில் போன ஆண்டின் விடுமுறைச் செய்திகள் புதியவை போலச் சுற்றுவது வழக்கம் என்பதால், அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

இவையெல்லாம் பொருள் மயங்கும் இடங்கள். பயம் எழும் இடம் வேறு. அது சிவப்பு வட்டங்களில் இருக்கிறது. வரிகளைப் பிரித்துக் காட்ட 🔴 இடுவது எல்லாக் குழுக்களிலும் உள்ள பழக்கம். வருடத்தின் மற்ற நாட்களில் அது வெறும் புள்ளி. ஆனால் பருவமழைக் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. தொலைக்காட்சிகள் அந்த நிறங்களை வரைபடத்தில் பூசி, நாள் முழுவதும் ‘ரெட் அலர்ட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. சிவப்பு என்றால் அதிகனமழை, இருபத்துநான்கு மணி நேரத்தில் இருபது சென்டிமீட்டருக்கு மேல், என்பது இன்று சென்னையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில், மழையைப் பற்றிய அறிவிப்பில், ஐந்து சிவப்பு வட்டங்கள் வரிசையாக இறங்கினால் அவை புள்ளிகளாகத் தெரிவதில்லை. “ரெட் அலர்ட் கொடுத்துட்டாங்களா மிஸ்?” என்ற கேள்வி அந்தக் குழுவில் வந்தது, அன்று இருந்ததோ ஆரஞ்சு எச்சரிக்கை. இதில் இன்னொரு சிறிய விபரீதமும் உண்டு. 🔴 பட்டியலில் 2010ஆம் ஆண்டிலேயே இருந்தது. 🟠, 🟡, 🟢 மூன்றும் 2019இல்தான் வந்தன. ஆகவே நான்கு நிறங்களையும் முறையாகப் பயன்படுத்தி ஒரு பள்ளி எச்சரிக்கை அனுப்பினாலும், பழைய கைப்பேசியின் முன்னறிவிப்பில் சிவப்பு மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றவை கட்டங்களாகிவிடும்.

முதல் வரியின் 🚨 பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் உரையாடல் பட்டியலைப் பார்க்கும்போது அறிவிப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும். இந்த அறிவிப்பில் அங்கே தெரிந்தது நான்கு சிவப்பு விளக்குகளும், ‘முக்கிய அறிவிப்பு’ என்ற இரண்டு சொற்களும். என்ன நடந்தது என்பதில் ஓர் எழுத்துகூட இல்லை. கூட்டத்தில் இருக்கும் பெற்றோர் ஒருவருக்கு அது உடனே வெளியே ஓடி வர வேண்டிய சைகை. அதையே காதால் கேட்பவர்களின் நிலை இன்னும் மோசம். பார்வைக் குறைபாடு உள்ள பெற்றோர் திரைவாசிப்பானை நம்பியிருக்கிறார்கள். வண்டி ஓட்டும் சிலரும் செய்திகளைக் காதொலிக் கருவியில் படிக்கச் செய்து கேட்கிறார்கள். எமோஜி வரும் இடத்தில் அந்தக் குரல் அதன் பதிவுப் பெயரைச் சொல்லும். யூனிகோடில் 🚨 ஒரு போலீஸ் காரின் சுழல் விளக்கு. பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த செய்தி ‘போலீஸ்’ என்று தொடங்கினால் அதைக் கேட்கும் தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அடுத்து வரும் இரட்டைக் கும்பிடும் தமிழ்க் குழுக்களில் அபாயமில்லாத ஒன்றன்று. வணக்கத்துக்கும் நன்றிக்கும் அதுவே, இரங்கல் செய்திக்கும் அதுவே. சிவப்பு விளக்கை அடுத்து 🙏🙏 வந்தால் ஒரு கணம் நெஞ்சு நின்றுதான் அடிக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எமோஜியே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால், இல்லை. அப்படி முடிவெடுத்த ஒரு பள்ளியையும் எனக்குத் தெரியும். அங்கே ஆசிரியர்கள் எமோஜி இடக் கூடாது என்று உத்தரவு வந்தபின், குழுவில் வந்த அறிவிப்புகள் ‘பெற்றோர்கள் உடனடியாக வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற சுற்றறிக்கை நடைக்குத் திரும்பின. பள்ளிச் சுற்றறிக்கைத் தமிழில் யார் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதே தெரியாது. கோபமா, அவசரமா, வழக்கமான அறிவிப்பா என்பதும் தெரியாது. வகுப்பாசிரியை வழக்கமாக ஒரு 😊 வைத்து முடிப்பவர் என்றால், அது இல்லாமல் வரும் முதல் அறிவிப்பே பெற்றோரைக் கலக்கிவிடும். “ஏதாவது பிரச்சினையா மிஸ்?” என்று தனிச்செய்தியில் கேட்டவர்களை நான் அறிவேன். பிரச்சினை எதுவும் இல்லை, உத்தரவுதான். ஆறுதல் என்பது அந்தச் சிரிப்புப் படத்தில் மட்டும் இல்லை, அதை யார் எப்போதும் எப்படி இடுகிறார் என்ற பழக்கத்தில் இருக்கிறது. (இளைய தாய்மார்கள் சிலருக்கு 😊 அன்பாகவும், 🙂 குத்தலாகவும் படுகிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் தெரிந்துகொண்டேன்; ஐம்பதைக் கடந்த ஆசிரியைகளுக்கு இரண்டும் ஒன்றே.)

இன்னொரு காரணமும் உண்டு, இதை நான் பெரிதாகக் கருதுகிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர் கணிசமாக இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கியவர்கள். மறுபுறம், ஆங்கிலத்தில் மட்டும் அறிவிக்கும் பள்ளிகளில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்கள் இரு சாராருக்கும் ஓர் அறிவிப்பில் படிக்க முடிந்த பகுதி எண்களும் படங்களும்தான். பேருந்துப் படத்தைக் கண்டால்தான், அந்த வரியை யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும் என்பதே தெரியும். அவர்களுக்காகப் படம் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் எண்ணையும் படத்தையும் மட்டும் சேர்த்துப் பொருள் கொள்வார்கள் என்பதால், அந்தச் சேர்க்கை பொய்யாகக் கூடாது. 🚌 அருகே 1.30 என்று இருந்தால் வண்டி ஒன்றரைக்கு என்றே படிப்பார்கள். நடுவில் ‘நடந்து செல்லும் பிள்ளைகள்’ என்ற சொற்கள் இருந்தாலும் அவை அவர்களுக்கு இல்லை.

ஆகவே நான் அறிவிப்பு எழுதித் தரும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று. எல்லா எமோஜியையும் அழித்துவிட்டுப் படித்தால் செய்தி முழுதாக நிற்கிறதா? நின்றால், அழித்தவற்றில் எவை வரியைத் தேட உதவுமோ அவற்றை மட்டும், வரிக்கு ஒன்றாக, திருப்பி வைக்கலாம். மேலே தந்த அறிவிப்பு அந்தச் சோதனையில், ‘காரணமாக இன்று பள்ளி விடப்படும்’ என்று நிற்கும். அதையே இப்படி எழுதலாம்:

```
*இன்று மதியம் 1.30க்குப் பள்ளி விடுகிறது (மழை).*
பிள்ளைகள் அனைவரும் வகுப்பறையில் இருக்கிறார்கள். பள்ளிக்குள் தண்ணீர் வரவில்லை.
🍱 மதிய உணவு கொடுத்த பிறகே அனுப்புவோம்.
🚌 தடம் எண் 3, தடம் எண் 5 பேருந்துகள் ஓடாது. மற்றவை 1.45க்குக் கிளம்பும்.
🏫 1 முதல் 5 வகுப்பு வரை வகுப்பறைக்கே வந்து அழைத்துச் செல்லுங்கள். வீட்டுப் பெரியவர் யார் வந்தாலும் பள்ளி அடையாள அட்டை தேவை.
தாமதமானால் பதற வேண்டாம்; 5 மணி வரை ஆசிரியர்கள் இருப்போம். 🙏
```

முதல் வரியின் இரு முனையிலும் உள்ள நட்சத்திரக் குறி வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிமனாக்கும். குறிக்கும் எழுத்துக்கும் இடையே இடைவெளி விழுந்தால் தடிமனாகாமல் குறியே தெரியும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சிவப்பு விளக்கு செய்ய முயன்ற வேலையை அந்தத் தடித்த வரி செய்துவிடுகிறது, பட்டியலில் எட்டிப் பார்ப்பவருக்கும் அதுவே தெரிகிறது. இரண்டாம் வரிதான் எனக்கு முக்கியம். ‘பயப்பட வேண்டாம்’ என்று சொல்பவரிடம் நாம் உடனே கேட்பது, பயப்பட என்ன இருக்கிறது என்பதைத்தான். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், தண்ணீர் வந்ததா இல்லையா என்ற இரண்டு தகவல்கள் வந்துவிட்டால் அந்தக் கேள்வி எழுவதில்லை. அவை இல்லாத இடத்தில் வரும் வானவில்லும் மூன்று புன்னகைகளும் எதையோ மறைப்பது போல் தெரியும். அவை வந்தபின் கடைசியில் இருக்கும் ஒற்றைக் கும்பிடு, அங்கே நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடையது என்று தெரியும். அதே எமோஜிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அறிவிப்பு போன பிறகு வரும் கட்டைவிரல்கள் தனிச் சங்கடம். தடம் எண் 3 பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வீர்கள் என்று ஆசிரியை கேட்கிறார். ஒரு தாய் 👍 இடுகிறார். படித்துவிட்டேன் என்று அவர் சொன்னார், வருகிறேன் என்று ஆசிரியை எடுத்துக்கொண்டார். இது சிறு பிள்ளைகள் விஷயமில்லை என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஒப்பந்தப் படத்துக்கு 👍 மட்டும் பதிலாக அனுப்பிய விவசாயி ஒருவர், அது கிடைத்தது என்பதைச் சொல்லவே அனுப்பியதாக வாதிட்டார். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே கொண்டு, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தச் சொன்னது. பள்ளிக் குழுவில் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் ‘நான் வருகிறேன்’, ‘பாட்டி வருகிறார்’ என்று சொற்களில் பதில் தாருங்கள் என்று கேள்வியிலேயே கேட்டுவிட்டால், யார் வரப்போவதில்லை என்பது ஒன்றரை மணிக்கு முன்பே தெரிந்துவிடும்.

பிழை நேர்ந்தால் திருத்தும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடங்களுக்குள் மாற்றி எழுத வாட்ஸ்அப் 2023 முதல் இடமளிக்கிறது. நேரத்தையோ தடம் எண்ணையோ அப்படி மாற்றினால், முன்பே படித்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டவருக்கு எந்த மணியும் அடிக்காது. எமோஜியைக் குறைக்கவோ எழுத்துப் பிழையைச் சரிசெய்யவோ அந்த வசதி போதும். நேரம் மாறினால் ‘திருத்தம்’ என்று தொடங்கும் புதிய செய்திதான் போக வேண்டும். பழையது நீக்கப்பட வேண்டும், புதியது குழுவின் மேலே நிலையாகக் குத்தி வைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது கும்பிடுகளுக்கும் கட்டைவிரல்களுக்கும் மேலே அது எங்கோ போய்விடும்.

இந்த நாட்களில் பள்ளிகள் அனுப்ப மறப்பது கடைசிச் செய்தியை. பிள்ளைகள் அனைவரும் கிளம்பிவிட்டார்கள், தடம் எண் 2 வண்டி மட்டும் தரமணி நெரிசலில் நிற்கிறது, ஓட்டுநரோடு பேசிவிட்டோம், அரை மணி தாமதமாகும் என்று மூன்று மணி வாக்கில் ஒரு வரி வந்தால், அந்த வண்டிக்காகத் தெருமுனையில் குடை பிடித்து நிற்பவர்கள் பள்ளியை மாறி மாறி அழைக்க மாட்டார்கள். அந்த வரியில் எத்தனை புன்னகை வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.